புது மருமகளுக்குக் குடும்பத்தார் எழுதும் வரவேற்புக் கவிதை: செய்தி திரட்டுவது முதல் வாசிப்பது வரை

திருமண மேடையில் வாசிக்கப்படும் வாழ்த்து மடலும், மருமகள் வீட்டுக்கு வந்த முதல் நாளில் குடும்பத்தார் படிக்கும் வரவேற்புக் கவிதையும் ஒன்றல்ல. வாழ்த்து மடல் அவை முழுவதும் கேட்பதற்காக எழுதப்படுவது. மணமக்கள் அதன் பாட்டுடைத் தலைவர்களாக அமர்ந்திருப்பார்கள். வரவேற்புக் கவிதையை உண்மையில் கேட்பவர் ஒருவரே. அவர் பல நாள் அலைச்சலில் களைத்திருப்பார். பிறந்த வீட்டாரிடம் விடைபெற்றுச் சில மணி நேரமே ஆகியிருக்கும். எந்த அறை எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த ஒருவரின் செவிக்காக எழுதுவது எப்படி என்பதை, ஒரு கவிதையை முதலிலிருந்து கடைசிவரை உருவாக்கிக் காட்டி இங்கே விளக்குகிறேன்.

இத்தகைய கவிதைகள் பெரும்பாலும் மருமகளைப் புகழ்ந்து தொடங்குகின்றன. ஆனால் குடும்பத்துக்கு அவரைப் பற்றி இன்னும் அதிகம் தெரியாது. தெரியாத ஒருவரைப் புகழ முனைந்தால் பொதுச் சொற்கள்தாம் கைக்கு வரும். குடும்பத்துக்கு நன்றாகத் தெரிந்தது தன் வீடும் தன் மனிதர்களும். மருமகளுக்கு அன்று தெரிய வேண்டியதும் அதுவே. ஆகவே அவரைப் பாடாமல் வீட்டை அவருக்குப் பாடிக் காட்டுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியின் படிகள் யாவும் அதிலிருந்து பிறந்தவை.

முதற்படி: பேசுபவர் யார் என்று முடிவு செய்தல்

கவிதை குடும்பம் முழுவதன் பெயரால் எழுதப்பட்டாலும் அதைச் சொல்லும் வாய் ஒன்றாகத்தான் இருக்க முடியும். தமிழில் இது வெறும் மேடை ஏற்பாடு அல்ல. ஒவ்வோர் அடியையும் பாதிக்கும் விஷயம். மாமியாரோ மாமனாரோ வாசித்தால் மருமகளை ‘நீ’ என்று அழைப்பது இயல்பாக இருக்கும். கணவனின் தம்பியோ தங்கையோ வாசித்தால் ‘அண்ணி’ என்றும் ‘நீங்கள்’ என்றும் சொல்ல வேண்டும். அப்போது வினைமுற்றுகள் எல்லாம் மாறும், அவற்றோடு ஓசையும் மாறும். எழுதி முடித்த பிறகு, யார் வாசிப்பது என்று பேசத் தொடங்கினால், பெரியவர் குரலில் எழுதிய கவிதையைப் பதினெட்டு வயதுப் பெண் தன் அண்ணியைப் பார்த்துப் படிக்கும் சங்கடம் நேரும். எனவே முதல் வரிக்கு முன்பே வாசிப்பவரை முடிவு செய்துவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வாசிப்பவர் மாமியார்.

இதோடு சேர்ந்தது ‘நாங்கள்’, ‘நாம்’ என்ற வேறுபாடு. ‘எங்கள் வீடு’ என்று சொன்னவுடன் கேட்பவர் அந்த வீட்டுக்கு வெளியே நிற்கிறார். ‘நம் வீடு’ என்றால் உள்ளே வந்துவிடுகிறார். எடுத்த எடுப்பிலேயே ‘நம்’ என்று சொல்வதும் அவசரமாகத் தோன்றக்கூடும். முதலில் இரண்டையும் தவிர்த்து, நடுவில் ஓரிடத்தில் ‘நமக்கு’ என்று இயல்பாக நுழைத்து, இறுதி அடியில் ‘நமதே’ என்று முடிப்பது நன்றாக அமையும். குடும்பத்தார் அவருக்குக் கொடுக்கும் வாக்குறுதி வரும் இடத்தில் மட்டும் ‘நாங்கள்’ பொருந்தும். அங்கே பேசுபவர்கள் ஒரு பக்கமும் கேட்பவர் மறு பக்கமும் இருப்பதுதான் முறை.

இரண்டாம் படி: வீட்டாரிடம் செய்தி திரட்டுதல்

வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்த வீட்டுக்குப் புதிதாக வருபவருக்கு, நாமாகச் சொல்லாவிட்டால் தெரியாமல் போகக்கூடிய ஒன்று எது?’ எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள், அல்லது ‘எங்கள் குடும்பம் பாசமான குடும்பம்’ என்ற பொதுப் பேச்சில் வந்து நிற்பார்கள். தனியாகக் கேட்டால்தான் பொருள் கிடைக்கும். பாசம், அன்பு, ஒற்றுமை என்று பதில் வந்தால், அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகவோ நிகழ்ச்சியாகவோ சொல்லும்படி மறுபடியும் கேட்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் மாமனார், மாமியார், மகன், அவன் தங்கை, பாட்டி என ஐந்து பேர். வீட்டில் மூன்று அறைகள். அவர்களிடம் கேட்டபோது கிடைத்தவை இவை என்று கொள்வோம். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடும், புதியவர்கள் திடுக்கிடுவார்கள் என்று மாமனார் சொன்னார். மருமகளுக்கென்று ஒரு சாவி செய்து வைத்திருப்பதாகவும் சொன்னார். இதுவரை வெளியே போய் வரும் நால்வரிடமும் ஆளுக்கொரு சாவி இருந்தது. பாட்டிக்கு வலக்காது சரியாகக் கேட்காது, இடப்பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும், சொன்ன கதையையே திரும்பச் சொல்வார் என்றான் மகன். தங்கை தன் புத்தக அடுக்கில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தாள். மாமியார் இரண்டு சொன்னார்: மறுநாள் காலையில் அந்தப் பெண் நன்றாகத் தூங்கி எழட்டும், எதையாவது கை தவறிப் போட்டு உடைத்துவிட்டால் பதறக் கூடாது. பாட்டி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ‘வாம்மா என்று கூப்பிடுங்கள், போதும்’ என்றார்.

இந்தப் பட்டியலில் மருமகளின் அழகு, குணம், படிப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அவருக்காகப் பேசாத ஒரு செய்திகூட இதில் இல்லை.

மகனிடம் இன்னும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மருமகள் தம்மை எந்தப் பெயரால் அழைப்பதை விரும்புகிறார்? பிறந்த வீட்டுச் செல்லப் பெயரைக் கேட்டறிந்து கவிதையில் வைப்பது இனிய எண்ணமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் அவருக்கும் அவர் பெற்றோருக்கும் இடையிலானது. முதல் நாளிலேயே அதை எடுத்துக்கொள்ளாமல் முழுப் பெயரால் அழைப்பதே மரியாதை. இங்கே பெயர் தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் படி: விலக்க வேண்டியவற்றை முன்னதாகவே விலக்குதல்

கீழே உள்ள அடியைப் பாருங்கள்.

குலவிளக் கேற்ற வந்த கொடிமலர் நீயே அம்மா

இதில் ஓசைக் குறை இல்லை. மோனையும் அழகாக விழுகிறது. ஆனால் இந்த அடியை எந்த வீட்டிலும், எந்தப் பெண்ணிடமும், பெயர் மாற்றாமலே படிக்கலாம். அதைவிடப் பெரிய குறை, இது புகழ்ச்சிக்குள் ஒரு கடமையை வைத்துக் கட்டியிருக்கிறது. குலம் விளங்க வேண்டும், வம்சம் தழைக்க வேண்டும், வீடு ஒளி பெற வேண்டும் என்பவை எல்லாம் வாழ்த்துப் போல் ஒலிக்கும் எதிர்பார்ப்புகள். பலர் முன்னிலையில் அவற்றைக் கேட்கும் புதுப்பெண் புன்னகை செய்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. அவர் இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அடிகளை நீக்கிவிட்டு, வீட்டார் என்ன செய்வார்கள் என்று சொல்லும் அடிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

‘நீ மருமகள் அல்ல, மகள்’ என்ற தொடரையும் விட்டுவிடுவது நல்லது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அன்று காலைவரை வேறொரு வீட்டில் மகளாக இருந்தவர் அவர்; அந்தப் பிரிவின் ஈரம் காயாத நேரத்தில் அந்த உறவுக்கு மாற்று ஏற்பாடு சொல்வது போல் அது விழக்கூடும். அதுபோலவே, வீட்டுக்கு முன்னரே வந்த மருமகள் ஒருவர் இருந்தால், ஒப்பீடு தொனிக்கும் எந்தச் சொல்லும் கூடாது; ‘இப்போதுதான் வீடு நிறைந்தது’ என்ற ஓர் அடி போதும், மூத்தவர் மனம் வருந்த.

செய்தி நல்லதாக இருந்தும் சொல்லால் கெடுவதுண்டு. செய்யுள் இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் செய்யுளின் முதற்சொல்லுக்குப் பத்துப் பொருத்தம் கூறி, அவற்றில் மங்கலத்தை முதலாவதாக வைக்கின்றன. சீர், பொன், பூ, திரு, உலகம் போன்ற சொற்களால் தொடங்குவது அந்த மரபு. இன்று அதை முழுதும் பின்பற்ற வேண்டியதில்லை. இருந்தாலும், மங்கல நாளில் ‘உடைதல்’, ‘அழுகை’, ‘இழப்பு’ போன்ற சொற்கள் காதில் விழுந்தால், கூடியிருக்கும் பெரியவர்கள் முகம் மாறும். மருமகளும் அதைப் பார்ப்பார். மாமியார் சொன்ன இரண்டாவது செய்தியை,

உடைந்தொரு குவளை போனால் ஓரமாய் ஒதுக்கிப் போடு

என்று எளிதாக அடியாக்கிவிடலாம். எண்ணம் அருமையானதுதான். ஆனாலும் ‘உடைந்து’ என்ற சொல் அடியின் முகப்பிலேயே நிற்பதால் இதைக் கைவிட வேண்டியதாயிற்று. இதை மாமியார் பிறகொரு நாள் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நான்காம் படி: வடிவம்

புதுக்கவிதை, கண்ணி, வெண்பா, விருத்தம் என்று பல வடிவங்கள் உள்ளன. ஒருமுறை மட்டுமே செவியால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய கவிதைக்கு நான் பரிந்துரைப்பது அறுசீர் ஆசிரிய விருத்தம். காரணம், ஒவ்வோர் அடியும் நடுவில் இயல்பாக இளைப்பாறி, இரண்டு அரையடிகளாகப் பிரியும். ஓர் அரையடியில் ஒரு செய்தியைச் சொல்லி, அடுத்ததில் அதை முடிக்கலாம். வெண்பா செறிவானது, ஆனால் தளைக் கட்டுப்பாட்டால் சொல் முறுகி, கேட்டவுடன் பொருள் விளங்காமல் போக வாய்ப்பு அதிகம்.

அறுசீர் விருத்தத்தில் பல வாய்பாடுகள் இருந்தாலும் நாம் எடுத்துக்கொள்வது ‘விளம், மா, தேமா’ என்று ஓர் அரையடி, மீண்டும் அதே போல் மற்றோர் அரையடி. அசை பிரிக்கத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசைகள் சேர்ந்து அமைவது சீர், ஓர் அடிக்கு ஆறு சீர். நெடில் ஒன்று, அல்லது குறிலும் அதை அடுத்து ஒற்றும், அல்லது சீரின் இறுதியில் தனியாக எஞ்சும் குறில் வந்தால், நேரசை. இரண்டு குறில், அல்லது குறிலை அடுத்து நெடில் வந்தால், நிரையசை. நெடிலையோ நிரையையோ அடுத்து வரும் ஒற்று அந்த அசையோடு சேரும். ‘வாசல்’ என்பது வா, சல் என இரண்டு நேர், அது தேமா. ‘தயங்கி’ என்பது தயங், கி என நிரையும் நேரும், அது புளிமா. ‘புதியதோர்’ என்பது புதி, யதோர் என இரண்டு நிரை, அது கருவிளம். ‘தேன்மொழி’ என்பது தேன், மொழி என நேரும் நிரையும், அது கூவிளம். முதற்சீரிலும் நான்காம் சீரிலும் இரண்டு விளங்களில் எதுவும் வரலாம். இரண்டாம், ஐந்தாம் சீர்களில் இரண்டு மாக்களில் எதுவும் வரலாம். மூன்றாம், ஆறாம் சீர்களில் தேமா மட்டுமே வர வேண்டும். ‘புதியதோர் வாசல் என்று’ என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ‘என்று’ இருக்கும் இடத்தில் ‘எனவே’ என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது, கால் இடறியது போல் நிற்கும். வாய்பாடு தவறியதைத் தாளில் தேட வேண்டியதில்லை, செவியே காட்டிவிடும்.

நான்கு அடிகளிலும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது எதுகை. ஒவ்வோர் அடியிலும் முதற்சீரும் நான்காம் சீரும் ஓரின எழுத்தில் தொடங்குவது மோனை. எதுகை பார்க்கும்போது முதலெழுத்துகள் அனைத்தும் குறிலாகவோ அனைத்தும் நெடிலாகவோ இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மருமகளின் பெயர் எந்தச் சீரில் அமரும் என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். தேன்மொழி, கயல்விழி, மலர்க்கொடி போன்ற பெயர்கள் விளமாகையால் அடியின் தொடக்கத்தில் அழகாக அமரும். அமுதா, கவிதா போன்றவை புளிமா. இரண்டாம் சீரிலோ ஐந்தாம் சீரிலோ வரும். வள்ளி, மீனா போன்றவை தேமா. அவை அரையடியின் இறுதியிலும் நிற்கும். பூங்குழலி போன்ற மூவசைப் பெயர் இந்த ஓசைக்குள் அடங்காது. அதைப் பிய்த்து நுழைப்பதைவிட, கவிதையைத் தொடங்கும் முன் பெயர் சொல்லி அழைத்துவிட்டுப் பாட்டுக்குள் ‘மகளே’ போன்ற ஒரு விளியோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘மருமகளே’ என்பதும் மூவசைதான். அது இங்கே பொருந்தாது.

அளவு மூன்று விருத்தம், அதாவது பன்னிரண்டு அடி. இதற்கு மேல் போனால் களைத்திருப்பவரை நிற்க வைத்தே கேட்கச் செய்ததாகிவிடும்.

ஐந்தாம் படி: எழுதுதல்

திரட்டிய செய்திகளை அவர் வீட்டுக்குள் நடந்து வரும் வரிசையில் அடுக்குங்கள்: முதலில் வாசல், பிறகு உள்ளே இருக்கும் மனிதர்கள், கடைசியில் மறுநாள் காலை. இந்த வரிசை இருந்தால் கேட்பவர் மனத்தில் வழி தவறாது; எழுதுபவருக்கும் அடுத்து என்ன என்ற தடுமாற்றம் இராது.

முதல் விருத்தத்துக்கு நம்மிடம் இருப்பவை கதவும் சாவியும். ‘கதவு’ என்ற சொல்லை அடிமுதலில் வைத்தால் எதுகை தகர வரிசையில் அமையும். புதிய, இதுவரை, அதன் என்ற எளிய சொற்களும் அதே எதுகையில் கிடைக்கின்றன. எதுகைக்காகச் சொல்லைத் தேடும்போது செய்தியின் மையச் சொல்லிலிருந்து தொடங்கினால் மற்றவை தாமாக வரும். அகராதியிலிருந்து தொடங்கினால் பொருளற்ற அடைமொழிகள்தாம் வரும்.

புதியதோர் வாசல் என்று புகுந்திடத் தயங்கி டாதே;
கதவிது கிறீச்சென் றோதும் காதினில்; அதுவும் வாழ்த்தே;
இதுவரை நான்கு சாவி இருந்தன; இன்றோ டைந்து;
அதனொடு வந்து போக அனுமதி கேட்க வேண்டாம்.

இரண்டாம் அடியை முதலில் ‘கதவது’ என்று எழுதத் தோன்றும். அதில் உள்ள ‘அது’ ஓசையை நிரப்ப வந்த சொல். ‘கதவிது’ என்று மாற்றியவுடன் அவர் கடந்து வந்த அதே கதவைச் சுட்டும் சொல்லாகிவிடுகிறது. இப்படி ஒவ்வோர் அசையையும் ‘நீ எதற்காக இங்கே இருக்கிறாய்’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் அடியில் ‘இருந்தது’ என்று வைத்தால், அடுத்து வரும் ‘இன்று’ என்பதோடு புணர்ந்து குற்றியலுகரம் கெட்டு ஓசை குலையும். ‘இருந்தன’ என்பது அந்தக் குறையையும் தீர்க்கிறது, பன்மைக்கும் பொருந்துகிறது. இந்த அடியில்தான் கவிதையின் உயிர் இருக்கிறது என்பேன். ‘உனக்கும் இந்த வீட்டில் உரிமை உண்டு’ என்று சொல்வதற்கும் ஐந்தாவது சாவியைச் சொல்வதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது.

இரண்டாம் விருத்தம் பாட்டிக்கும் புத்தக அடுக்குக்கும் உரியது.

இடச்செவிப் பக்கம் சொன்னால் எளிதினில் கேட்பார் பாட்டி;
நடந்ததோர் கதையை நாளும் நமக்கவர் சொல்வார்; கேட்போம்;
அடுக்கினில் பாதி நூலை அகற்றினாள் நாத்தி நேற்றே;
எடுத்துநீ வைக்கும் நூலால் இனியது நிறையக் காண்போம்.

பாட்டியின் காதைப் பற்றிப் பலர் முன் சொல்லலாமா என்ற தயக்கம் நியாயமானது. ‘வலக்காது கேட்காது’ என்று சொன்னால் அது குறை; ‘இடச்செவிப் பக்கம் சொன்னால் கேட்பார்’ என்றால் அது வழி. அப்படியிருந்தும் எழுதியதைப் பாட்டியிடம் முன்கூட்டியே படித்துக் காட்டி அவர் சம்மதத்தைப் பெற்றுவிட வேண்டும். ‘நமக்கவர் சொல்வார்’ என்ற இடத்தில்தான் மருமகள் முதன்முதலாகக் குடும்பத்தின் பன்மைக்குள் வருகிறார். அதுவும் பாட்டியின் பழைய கதையைச் சேர்ந்து கேட்பவர்களில் ஒருவராக. அதற்கென்று தனியாக ஓர் அறிவிப்புத் தேவையில்லை.

மூன்றாம் அடியில் ‘நாத்தி’ பேச்சு வழக்குச் சொல்தான். அந்த இடத்தில் ‘இளையாள்’ என்று வைத்தாலும் ஓசை நிரம்பும். வீட்டின் இளைய பெண் என்ற எண்ணத்தில் எழுதுபவருக்கு அது நயமாகவும் தோன்றும். ஆனால் இளையாள் என்றால் இரண்டாம் மனைவி என்றும் பொருள் உண்டு. புதுமணப் பெண்ணின் முன் வாசிக்கும் கவிதையில் அந்தச் சொல் நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உறவுப் பெயர்களை மருமகள் நின்று பார்க்கும் இடத்திலிருந்து சரிபார்க்க வேண்டும். மகனின் தங்கை அவருக்கு நாத்தனார்.

மூன்றாம் விருத்தத்தில் பெயர் வருகிறது. பெயரைக் கவிதையின் முதற்சொல்லாக வைப்பதைவிட, இரண்டு விருத்தம் கேட்டுச் சற்று இறுக்கம் தளர்ந்த பிறகு அழைப்பது நல்லது. தேன் என்ற நெடிலையும் னகர ஒற்றையும் பின்பற்றி ஏன், ஈன்றவர், மூன்று என்று எதுகை கிடைக்கிறது.

தேன்மொழி, நாளைக் காலை தெளிந்துநீ எழுந்தால் போதும்;
ஏன்துயில் நீண்ட தென்றே எவருமே கேட்க மாட்டோம்;
ஈன்றவர் நினைவு வந்தால் எந்தநாள் எனினும் செல்வாய்;
மூன்றறை கொண்ட வீடு முழுவதும் நமதே, வாம்மா.

முதல் அடியில் ‘எழுந்தால்’ என்ற இடத்தில் ‘எழுதல்’ என்றும் ஓசை பிசகாமல் வைக்கலாம். ஆனால் செவிக்கு அது கடிதம் எழுதுவதையும் குறிக்கும். கண்ணால் படிக்கும்போது இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம். ஒருமுறை காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. மூன்றாம் அடியின் பிற்பாதியில் முதலில் இப்படி ஓர் அடி வரக்கூடும்:

ஈன்றவர் நினைவு வந்தால் எங்களைப் பெற்றோர் என்பாய்

அசை, சீர், எதுகை, மோனை எல்லாம் சரியாக இருக்கின்றன. கருத்துத்தான் தவறு. பெற்றோரை நினைத்தால் அவர்களைப் பார்க்கப் போக வேண்டுமே தவிர, வேறு இருவரைப் பெற்றோர் என்று எண்ணிக்கொள்ளச் சொல்லக் கூடாது. ‘எந்தநாள் எனினும் செல்வாய்’ என்று மாற்றிய பிறகு அந்த அடி அவருக்கு ஆறுதலாகிறது. கூட்டத்தில் அவர் பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும்தான்.

கடைசிச் சொல் பாட்டி தந்தது. செய்யுள் நடையில் ‘வாராய்’ என்று முடிக்கலாமே என்று தோன்றும். ‘வாராய்’ வா என்றும் பொருள்படும், வரமாட்டாய் என்றும் பொருள்படும். ‘வாம்மா’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை; அதுவரை பெரும்பாலும் எழுத்து நடையில் வந்துவிட்டு, வீட்டில் உண்மையில் ஒலிக்கப் போகும் குரலில் முடிகிறது. வாம், மா என இரண்டு நேரசையாகத் தேமாவும் ஆகிவிடுகிறது.

ஆறாம் படி: காக்க முடியுமா என்று பார்த்தல்

இந்தக் கவிதையில் நான்கு வாக்குறுதிகள் உள்ளன: வந்து போக அனுமதி கேட்க வேண்டாம், அடுக்கில் இடம் உண்டு, தாமதமாக எழுந்தால் கேள்வி இல்லை, பிறந்த வீட்டுக்கு எப்போதும் போகலாம். எழுதி முடித்தவுடன் வீட்டாரைக் கூட்டி, இவற்றை உரைநடையில் ஒவ்வொன்றாகச் சொல்லி, அனைவருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். ‘கவிதைதானே, இருக்கட்டும்’ என்று யாராவது சொன்னால் அந்த அடியை எடுத்துவிடுங்கள். விடியற்காலையில் எழுந்து வானொலியைச் சத்தமாக வைக்கும் பழக்கம் மாமனாருக்கு இருந்தால், மறுநாள் அவர் ஒலியைக் குறைக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் தூக்கத்தைப் பற்றிய அடி நிற்கலாம். மருமகள் இந்தத் தாளை மறக்க மாட்டார். முதல் மாதத்திலேயே ஒவ்வோர் அடியும் சோதனைக்கு வரும். ஒரு வாக்குறுதி குறைந்தால் கவிதை சிறிதாகும், அவ்வளவே.

இன்னொரு சோதனையும் உண்டு. அண்மையில் மணமாகிப் புகுந்த வீட்டுக்குச் சென்ற பெண் ஒருவரிடம் கவிதையைப் படித்துக் காட்டுங்கள். எழுதியவருக்கும் வீட்டாருக்கும் தெரியாத முள் எங்காவது இருந்தால் அவர் உடனே சொல்லிவிடுவார்.

ஏழாம் படி: வாசித்தல்

பன்னிரண்டு அடியையும் நிதானமாகப் படிக்க ஒன்றரை நிமிடம் போதும். ஒவ்வோர் அடியிலும் மூன்றாம் சீருக்குப் பின் சிறிது நிறுத்துங்கள். சீர் பிரித்து எழுதியிருப்பதால் ‘இன்றோ டைந்து’ என்பதை இரண்டு சொல்லாகப் படித்துப் பொருளைக் கெடுத்துவிடும் அபாயம் உண்டு. வாசிப்பவரின் தாளில் மட்டும் அதை ‘இன்றோடைந்து’ என்றும், ‘கிறீச்சென் றோதும்’ என்பதைக் ‘கிறீச்சென்றோதும்’ என்றும் சேர்த்து எழுதிக்கொடுங்கள். மாமியாருக்குக் குரல் தழுதழுக்கும் என்று தோன்றினால் மூன்றாம் விருத்தத்தை மாமனார் படிக்கட்டும். அவரும் ‘நீ’ என்றே அழைப்பார் என்பதால் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

வந்த உடனே வாசிக்காதீர்கள். அவர் உள்ளே வந்து, முகம் கழுவி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகு, வெளியார் பெரும்பாலும் கலைந்த நேரமே ஏற்றது. அவரை எழுந்து நிற்கச் சொல்லவோ, முகத்துக்கு நேரே கேமராவை நீட்டவோ வேண்டாம். வாசித்து முடித்ததும் ‘எப்படி இருந்தது’ என்று கேட்காமல், ஐந்தாவது சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். கையால் எழுதிய பிரதி ஒன்றை, அவருக்காகக் காலி செய்த அடுக்கிலேயே வைத்துவிடலாம். சுவரில் மாட்டுவதா, பெட்டிக்குள் வைப்பதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.